சிவப்பு மை

அலுவலகத்தில் அந்த அம்மாவுக்குச் "சிவப்பு மை" என்று பட்டப்பெயர். பத்திரிகை தாளில் வந்த காலத்தில், சந்தா முடியப்போகிறவர்களின் கடைசி இதழை அவர்தான் உறையில் போடுவார். உறையின் மேல் சிவப்பு மையால், "இத்துடன் உங்கள் சந்தா முடிகிறது. தொடர்வீர்களா?" என்று எழுதுவார். பசை வாடை, தபால்தலைக் கட்டு, மேசை கொள்ளாத முகவரிகள். நினைத்தால் இன்றும் அவருக்கு ஏக்கம்தான்.

இப்போது எல்லாம் இணையத்தில். சந்தா கட்டியவர்கள் மட்டும் உள்ளே போய்த் தனிக் கட்டுரைகளைப் படிக்கலாம். ஆண்டு முடிந்தால் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்கு ஏழு நாள் முன்பே மெயில் போக வேண்டும், ரத்து செய்யும் பொத்தான் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மேலாளரிடம் மல்லுக்கட்டி வாங்கியவர் இவர். "பூட்டி வெச்சுப் படிக்கச் சொல்ல இது என்ன ஜெயிலா?" என்று கேட்டே சம்மதிக்க வைத்தார். ஓராண்டாக உள்ளே எட்டிப் பார்க்காதவரைப் போனில் கேட்காமல் புதுப்பிக்கக் கூடாது என்பதும் இவர் வைத்த சட்டம்.

அந்தச் சட்டமே ஒரு திங்கட்கிழமை இவர் தலையில் விடிந்தது. அப்படிப் போனில் கேட்க வேண்டியவர் பட்டியலில் இருந்தவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். முப்பத்தோரு வருடச் சந்தா. இவர் கையால் முகவரி எழுதியவர்களில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். பேசாமல் இருந்தால் வியாழக்கிழமை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், யாரும் கேட்கப்போவதில்லை. டீ ஆறும்வரை யோசித்தார். பிறகு போனை எடுத்தார்.

"சார், ஒரு வருஷமா நீங்க எதுவும் படிக்கலையே?"

"கண்ணு தெரியலம்மா."

"அப்புறம் ஏன் சார் நிறுத்தல? போன வாரம் மெயில் வந்திருக்குமே?"

"பொண்ணு படிச்சுக் காட்டினா. நான்தான் நிறுத்த வேணாம்னேன். உறைமேல சிவப்பு மையில எழுதுவாங்களே, ஒரு அம்மா. நாம நிறுத்தி, அவங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

"அது நான்தான் சார். என் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நிறுத்திடட்டுமா?"

"சரிம்மா."

"நிறுத்திட்டேன். இனிமே பணம் எடுக்க மாட்டோம். புதன்கிழமை முடியறவரைக்கும் எல்லாக் கட்டுரையும் திறந்தே இருக்கும், பொண்ணைப் படிக்கச் சொல்லிக் கேளுங்க. ரத்தானதுக்கு மெயில் இப்பவே வரும்."

"மெயிலை வெச்சு நான் என்ன பண்ண? பழையபடி ஒரு உறையில எழுதி அனுப்புங்களேன். தடவிப் பாத்துக்கறேன்."

அலமாரியின் அடித்தட்டில் பழைய உறைகள் கிடந்தன. சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, விரலுக்குத் தட்டுப்படும்படி அழுத்தி எழுதினார்: "இத்துடன் உங்கள் சந்தா முடிகிறது." கை பழக்கத்தில் அடுத்த வார்த்தைக்கு நகர்ந்தது. பிடித்து நிறுத்திக்கொண்டார். வருடா வருடம் கேட்ட கேள்வியை அவரிடம் இனிமேல் கேட்பதற்கில்லை.