கண்ணுக்கு விட்ட ஒரு சோதனை

தொண்ணூறுகளின் கடைசியில், ஹெப்பாளில் ஆலைகளுக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனத்தில் சோதனைப் பிரிவு என் பொறுப்பு. கையால் செய்யும் சோதனைகளில் எவற்றைத் தானே சோதிக்கும் புதிய கருவியிடம் விடுவது என்று வெள்ளிக்குள் மேலாளரிடம் சொல்லவேண்டும். வாராவாரம் மாறாமல் திரும்புபவற்றையெல்லாம் குறித்தேன். தொழிலாளர்களுக்குக் கன்னடத்தில் அச்சாகும் விடுப்புச் சீட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனாலும் மனம் அடங்கவில்லை.

"சார், அது எழுத்தைப் படிக்கும், தாளைப் பார்க்காது," என்று உடன் சோதிப்பவள் ஒரு சீட்டை நீட்டினாள். கருவி சரி என்றிருந்தது. அச்சிலோ கன்னட எழுத்துக்கு அடியில் ஒட்டி வரும் 'ஒத்து' என்ற துணையெழுத்துகள் வெட்டுப்பட்டு, தொழிலாளியின் பெயரே மாறியிருந்தது.

"அப்போ எல்லாத்தையும் கையிலேயே வச்சுக்கலாமா?"

"எனக்கு ஞாயிற்றுக்கிழமையாவது லீவு வேணும் சார்."

விடுப்பு நாள் கணக்கைக் கருவிக்கும், அச்சை அவள் கண்ணுக்கும் பிரித்தேன். பட்டியலைக் கொடுத்த பிறகும், கருவிக்கு விட்டதில் கண்ணால் பார்க்கவேண்டியது இன்னும் எதுவோ என்று நகலைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.