சார்ஜ் போட்டுப் பாரு

படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் கடை. செல்போன் மெக்கானிக் எழுந்தால் தலை இடிக்கும். பதினோரு வருடமாகக் குனிந்தபடியே, நனைந்த போனோடு வருகிறவர்களிடம் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்: "ஆன் பண்ணாதீங்க, சார்ஜ் போடாதீங்க, அரிசியில புதைக்காதீங்க. அப்படியே கொண்டாங்க."

இன்று வாளியில் விழுந்த போனோடு வந்தவள் அவருடைய அக்கா. போன மாதம் இறந்த அவள் கணவரின் குரல் அதில் மட்டும்தான் இருந்தது. திறந்தால், சார்ஜிங் பகுதி கருகியிருந்தது.

"சார்ஜ் போட்டியாக்கா?" என்று எரிந்து விழுந்தார்.

"நீதானேடா சொன்ன, போன் செத்துட்டா முதல்ல சார்ஜ் போட்டுப் பாருன்னு."

சொன்னது அவர்தான், போன வருடம், போன் நனையாமலே அணைந்துபோன அன்று. வெளியே போகும் ஒரே வழியில் ஸ்டூல் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, தலை நிமிராமல் தேய்க்க ஆரம்பித்தார்.