மேசைமேல் இரண்டு சதவீதம்

மதிவதனி ஆரணியில் பதினோரு ஆண்டாகக் கட்டடம் வரைகிறாள். அவள் வைத்த ஜன்னல்களில் பாதியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இருந்தும், பட்டுக்கடை அன்பரசு கட்டப்போகும் புதுக் கடைக்கு, முதல் வரைபடத்திலேயே கணினியில் வெளிச்சக் கணக்குப் போட்டாள். அவர் கேட்டபடி முகப்பு முழுக்கப் பெயர்ப்பலகை வைத்தால், மேகம் மூடிய நாளில் வெளியே இருக்கும் வெளிச்சத்தில் அரை சதவீதம்தான் புடவை விரிக்கும் மேசைக்கு வரும். பலகையைக் குறுக்கி, மேலே அகல ஜன்னல் வைத்தால் இரண்டு சதவீதம்.

“ரெண்டு வந்தா போதுங்க. புடவையைத் தூக்கிகினு யாரும் வாசலுக்கு ஓட வேணாம். நெசவுல ஒரு இழை விட்டிருந்தாகூட, வாங்க வர்றவங்களுக்கு மேசையிலேயே தெரியும்.”

அன்பரசு திரையை உற்றுப் பார்த்தார். இத்தனை ஆண்டில் அவள் கணக்கை அப்படியே நம்பிய முதல் ஆள் அவர்தான்.

“அப்ப அந்த ஜன்னல எடுத்துடும்மா.”