டெனிஸ் ஓட்டிய நூற்று எண்பது

பீர்க்கன்கரணை அம்மணிக்கு எதையும் தோண்டிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. கணவர் சாம்பசிவன் முழங்கால் வலியால் ஆட்டோ ஓட்டுவதை நிறுத்தியதும், வண்டியை டெனிஸிடம் வாடகைக்குக் கொடுத்தாள். நாளுக்கு நானூறு, கேஸ் அவன் செலவு, டயரும் ரிப்பேரும் இவள் செலவு.

நாலே மாதத்தில் மூன்று டயரும் வழுக்கை. கைக்காசு போட்டுப் புதிது மாற்றினாள். லோன் முடிய இன்னும் பதினாலு மாதம் இருந்தது. அதற்குள் வண்டியே தேய்ந்துவிடுமோ?

மறுநாளிலிருந்து டெனிஸ் சாவி வாங்க வரும்போதெல்லாம், வண்டி ஓடிய கிலோமீட்டரைக் காலண்டர் தாளில் எழுதிவைத்தாள். நூற்று எழுபது, நூற்று எண்பத்தைந்து, இருநூற்றுப் பத்து. சாம்பசிவன் ஓட்டியபோது தொண்ணூறைத் தாண்டியதில்லை.

"இன்னா டெனிஸ், மெட்ராஸையே சுத்திகினு வரியா?"

"நாள் வாடகைதானேக்கா? எவ்ளோ ஓட்னா உனக்கு இன்னா?"

"டயர் என்னுதாச்சே! நாள் வாடகை வாணாம். கிலோமீட்டருக்கு மூணு ரூபா குடு."

டெனிஸ் சாவியைத் திண்டில் வைத்துவிட்டான். "வண்டலூர்ல ஜனத்த எறக்கிட்டு காலியா வரேனே, அதுக்குமா? மழைல இருபது கிலோமீட்டர்தான் ஓடுச்சுன்னா நீ அறுபது ரூபாய வச்சிகினு லோன் கட்டுவியா?"

அவன் போய்விட்டால் வண்டி சும்மா நிற்கும். இன்சூரன்ஸ் சும்மா நிற்காது. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் மனம் வேறொன்றில் மாட்டிக்கொண்டது.

"தினம் காலியா எவ்ளோ ஓட்ற?"

டெனிஸ் தலையைச் சொறிந்தான். "யாரு எண்ணுனா?"

"ஒரு நாள் எண்ணிட்டு வா. அப்புறம் சாவிய வச்சிட்டுப் போ."

எண்ணிக்கொண்டு வந்தான். நூற்று எண்பதில் எழுபது காலி. அந்த எண்ணைப் பார்த்து அவனே திகைத்தான். நாள் வாடகை கட்டியாயிற்றே, உட்கார்ந்தால் நஷ்டம் என்று சவாரி தேடித் தேடிச் சுற்றியிருக்கிறான். கேஸும் அவன் காசுதான் என்பது அந்த ஓட்டத்தில் மறந்தேபோனது.

"சரி, இப்டி வச்சுக்கலாம்," என்றாள் அம்மணி. "வண்டி நின்னாலும் லோன் நிக்காது, அதுக்கு நாளுக்கு எரநூத்தம்பது. ஓட்ற தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபா. இஷ்டம்னா எடு."

டெனிஸ் சாவியை எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் அவன் பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கம் நிறுத்தி, வரும் கூட்டத்துக்குக் காத்திருக்கக் கற்றான். கிலோமீட்டர் நூற்று முப்பதுக்கு இறங்கியது.

"நாளுக்கு முந்நூத்தி எம்பது, அக்கா. உனக்கு இருவது ரூபா நட்டம். எனக்கு கேஸ்ல மட்டும் நூறுக்கு மேல மிச்சம்," என்று பல்லைக் காட்டினான்.

"சிரி சிரி!"

அவன் கிளம்பும் முன் அம்மணி பின் சக்கரத்தருகே குந்தி, புது டயரின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் பாதி மறைந்தது. அடுத்த மாதம் ஒத்துப்பார்க்கக் காலண்டர் தாளைக் கிழித்து, இன்றைய தேதியோடு 'பாதி நகம்' என்று எழுதிவைத்தாள்.