கிளப்பில் கொடுத்த ரத்தமும் டாக்டரம்மா கேட்ட ரத்தமும்

அன்று அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா. பக்கத்தில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த சின்ன டாக்டர். என் மனைவி. அவள் தம்பி, அதாவது என் மைத்துனன். கடைசியாக நான். நாற்காலி போதவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். நோயாளிக்கான நாற்காலியில் மைத்துனன் உட்கார்ந்திருந்ததால் டாக்டரம்மா அவன் கழுத்தைத் தொடப் போனார்.

"எனக்கில்ல, அத்தானுக்கு," என்று அவன் எழுந்தான்.

கழுத்தில் கட்டி எனக்குத்தான். ஷேவ் செய்யும்போது கையில் தட்டியது. பட்டாணி அளவு. ஒரு மாதத்தில் எலுமிச்சை ஆகிவிட்டது. கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டு நிணநீர் புற்றுநோய் என்றார்கள். குணமாகிற ரகம் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டதும் மற்றதை நான் கேட்கவில்லை.

நான் கிதிர்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். படிப்பு எட்டு. அப்பா துறைமுக வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். நான் பெஹாலாவிலேயே பிறந்தேன். டாக்டரம்மா பேசியது வங்காளம். இங்கே தமிழில் எழுதுகிறேன். காக்கு என்றால் சித்தப்பா.

"காக்கு, திங்கட்கிழமை மருந்து ஏத்த ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்," என்றார். "அதுக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி. மஞ்சள்காமாலைக் கிருமி, பி வகை. அது வராம ஆரம்பிக்க மாட்டேன்."

மைத்துனனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அத்தானுக்கா? எங்க கிளப் ரத்ததான முகாம்ல வருஷா வருஷம் மொத ஆளாப் படுக்கிறதே இவருதான். டிபன் கேரியர், குடை, டிராவல் பேக், எல்லாம் ரத்தம் கொடுத்து வாங்கின பரிசு. வீட்ல பாத்திரத்துல பாதி அப்படித்தான் வந்துச்சு."

"நெசம்தான்," என்றாள் மனைவி. "சுவர்க் கடிகாரமும்."

"ரத்த வங்கியில இந்தக் கிருமிய பாக்காமலா எடுப்பாங்க? இருந்தா தூக்கி எறிஞ்சிருப்பாங்கள்ல?"

எனக்கும் அதே எண்ணம்தான். இந்தப் பேட்டையில் பலருக்கும் அந்த எண்ணம் உண்டு. ரத்தம் கொடுத்தவன் உடம்பு சர்ட்டிபிகேட் வாங்கியவன் மாதிரி.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "பாப்பாங்க. கிருமியோட மேல்தோல் ரத்தத்துல மிதக்குதான்னு பாப்பாங்க. இப்ப நோய் இருந்தா அதுல தெரியும். எனக்கு அது மட்டும் போதாது. இந்தக் கிருமி எப்பவாவது உள்ள வந்து போயிருக்கான்னு தெரியணும். அதுக்கு வேற பரிசோதனை. கோர் ஆன்டிபாடின்னு பேரு."

"வந்து போயிட்டா போயிடுச்சுதானே?"

"போகாது. ஈரல்ல கொஞ்சம் பதுங்கி இருக்கும். உடம்போட எதிர்ப்புச் சக்தி காவல் நின்னு அதை அமுக்கி வெச்சிருக்கும். வாழ்நாள் முழுக்க ஒண்ணும் ஆகாமலே போகலாம். ஆனா நான் கொடுக்கப் போற மருந்து அந்த எதிர்ப்புச் சக்தியையே அடக்கும். அதுலயும் ஒரு மருந்து, ரத்தத்துல அந்தக் காவலை உண்டாக்கற அணுவையே தேடித் தேடி அழிக்கும். அப்ப கிருமி எழுந்து பெருகும். கட்டி கரையும், ஈரல் போயிடும்."

சின்ன டாக்டர் தட்டுவதை நிறுத்திவிட்டார். எனக்கு ஈரல் என்றால் கடையில் பார்த்ததுதான். ஆனாலும் போயிடும் என்றது புரிந்தது.

வெளியே வந்ததும் மைத்துனன் வேறு ஒரு நர்சிங் ஹோம் பெயரைச் சொன்னான். நாளைக்கே ஆரம்பித்துவிடுவார்களாம். கட்டி நாளுக்கு நாள் வளர்கிறது, இந்த அம்மா பழைய காமாலையைத் தேடுகிறார் என்றான்.

"எலே, அவங்க திங்கட்கிழமைன்னு சொல்லியாச்சு. ரத்தம் இன்னைக்குக் கொடுத்தா நாளைக்கு ரிசல்ட்டு. அதுக்குள்ள எங்க வளரப் போவுது?" என்றாள் மனைவி.

நான் சட்டைக் கையைச் சுருட்டினேன். ரத்தம் கொடுப்பது எனக்குப் பழக்கம்தான். இந்த முறை குடை தரவில்லை.

மறுநாள் ரிசல்ட் வந்தது. மேல்தோல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மைத்துனன் சொன்னது சரி. கோர் ஆன்டிபாடி இருந்தது. டாக்டரம்மா சொன்னதும் சரி.

எப்போது வந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். சின்ன வயதில் ஊசியில் வந்திருக்கலாம். சலூன் கத்தியில் வந்திருக்கலாம். பலருக்குக் காய்ச்சல்கூட வராமல் வந்து அடங்கிவிடுமாம்.

அப்போது ஒன்று கேட்டேன். அதுதான் நான் அந்த அறையில் பேசிய நீளமான பேச்சு.

"நான் கொடுத்த ரத்தத்த ஏத்திக்கிட்டவங்க?"

டாக்டரம்மா அதையும் யோசித்திருந்தார். கிருமி ரத்தத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறேன், இல்லை என்று வந்தால் ஆபத்து ரொம்பக் குறைவு, எப்படியானாலும் ரத்த வங்கிக்கு நானே எழுதுகிறேன் என்றார். பிறகு இல்லை என்றுதான் வந்தது. அவர் எழுதவும் எழுதினார். புற்றுநோய் வந்தவன் இனிமேல் ரத்தம் கொடுக்க முடியாது என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். கிளப் காரியதரிசிக்கு என்னைவிட அதிக வருத்தம். "முதல் கட்டிலில் இனி யாரைப் படுக்க வைப்பது?" என்று கேட்டார். மைத்துனனைக் காட்டினேன். அவன் அன்று முழுக்க கிளப் பக்கம் போகவில்லை.

டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கிருமி பெருகாமல் தடுக்கிற மாத்திரை. தினம் ஒன்று. வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், போட்ட பிறகும் இரண்டு மணி நேரம் எதுவும் கூடாது. காலையில் என்றால் டீ இல்லாமல் உட்கார வேண்டும். அது நடக்காது. ராத்திரி என்று வைத்துக்கொண்டோம். நான் சாப்பிட்ட கையோடு தூங்குகிறவன். மனைவி எழுப்பி மாத்திரை கொடுத்துவிட்டு, தூங்குங்க என்பாள்.

மருந்து ஏற்றுவதற்கு முன்பே மாத்திரை தொடங்கியது. திங்கட்கிழமை மருந்தும் தொடங்கியது. ஒரு நாள்கூடத் தள்ளிப் போகவில்லை.

வீட்டில் தட்டு, டம்ளர் பிரிக்க வேண்டுமா என்று மைத்துனன் கேட்டான். தன் டம்ளரில் சிவப்பு நூல் கட்டியும் வைத்துவிட்டான். கூடச் சாப்பிட்டால் ஒட்டாது, ரத்தத்தாலும் படுக்கை உறவாலும் தாயிடமிருந்தும்தான் வரும் என்று டாக்டரம்மா சொன்னார். மனைவிக்குப் பரிசோதனை செய்தார்கள். ஒன்றும் இல்லை. தடுப்பூசி போட்டார்கள். மைத்துனனையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஊசி என்றதும் நூலை அவிழ்த்துவிட்டான்.

ஆறு தடவை மருந்து ஏறியது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. முடி போனது. நாக்கு செத்தது. கட்டி இரண்டாவது தடவையிலேயே கையில் அகப்படவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தம் என்றார்கள். மைத்துனன் வார்டு முழுக்க ரசகுல்லா கொடுத்தான். சின்ன டாக்டர் மூன்று தின்றார்.

நிஜமான சண்டை அதற்குப் பிறகுதான்.

"கட்டி போச்சு, மருந்து முடிஞ்சுது. இந்த மாத்திரை எதுக்கு அத்தான்? இன்னும் ஒண்ணரை வருஷம்னு சொல்றாங்க. நிப்பாட்டிருங்க."

இதை அவன் சொன்னது ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வரிசையில். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தினம் தூக்கத்தில் எழுப்புவது சுகம் இல்லை. பார்க்கலாம் என்றேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்களுக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். கரியாஹாட் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். இந்த வரிசையிலேயே பழக்கம். தமிழ் தெரியாது. ஆனால் மருந்தின் பெயர் எந்த மொழியிலும் ஒன்றுதான். அந்த மாத்திரைதானே என்று கேட்டார். தன் பையிலிருந்தும் அதே அட்டையை எடுத்துக் காட்டினார்.

அவருக்கும் என் நோய், என் மருந்து. வேறு இடத்தில் ஏற்றிக்கொண்டார். யாரும் கிருமியைத் தேடவில்லை. மாத்திரையும் இல்லை. முடிந்தது, சுத்தம் என்றார்கள். கடைக்குத் திரும்பினார். சில மாதம் கழித்து அலுப்பு வந்தது. மருந்து ஏற்றிய அலுப்பு என்று நினைத்தார். பிறகு கண் மஞ்சள்.

"காமாலைக்கு மாலை போட்டேன்," என்றார். இங்கே அப்படி ஒரு வழக்கம். வேர்த் துண்டுகளைக் கோர்த்த மாலையைத் தலையில் வைப்பார்கள். மாலை நீண்டு இறங்க இறங்கக் காமாலை இறங்கும் என்பார்கள். "மாலை தொப்புள் வரைக்கும் நீண்டது. மஞ்சள் மட்டும் இறங்கலை. ஈரல் எண் நாப்பதுக்குள்ள இருக்கணுமாம். எனக்கு ஆயிரத்தி இருநூறு."

"மருந்து முடிஞ்ச பிறகா?" என்றான் மைத்துனன்.

"முடிஞ்ச பிறகுதான். காவல் இல்லாத நேரத்துல அது பெருகிக்கிச்சாம். காவல் திரும்பி வந்ததும் அதை அடிக்கிறேன்னு என் ஈரலையும் சேர்த்து அடிச்சுதாம். பதினெட்டு நாள் படுக்கை. பக்கத்துக் கட்டில்ல இருந்தவனுக்கும் இதேதான். அவன் உயிரோட வீடு திரும்பலை."

வரிசை நகர்ந்தது. அவர் கை நீட்டி ஊசி வாங்கிக்கொண்டு, இலிஷ் மீன் நாளை வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வரும்வரை மைத்துனன் பேசவில்லை. அது எங்கள் குடும்பத்தில் பெரிய சம்பவம். அன்று ராத்திரி என்னை எழுப்பியது அவன்தான்.

துர்க்கை பூஜை வந்தது. சப்தமி காலையில் அட்டையைப் பார்த்தால் காலி. இது எல்லாக் கடையிலும் கிடைக்கிற மாத்திரை இல்லை. எங்கள் தெருக் கடைக்காரர் வரவழைத்துத் தருவார். அவர் குடும்பத்தோடு பூரிக் கடற்கரைக்குப் போய்விட்டார். ஷட்டரில் பூட்டு.

ஒரு நாள்தானே என்றேன்.

"ஒரு நாளும் வேணாம். அந்த ஆளு தலையில இருந்த மாலை எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது," என்றான் மைத்துனன். சீட்டை எடுத்துக்கொண்டு போனான்.

சாலையெல்லாம் மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். பஸ் இல்லை. நடந்தான். ஓரிடத்தில் பூஜைப் பந்தல் வரிசையில் மாட்டிக்கொண்டானாம். திரும்ப வழியில்லை. பின்னால் ஆயிரம் பேர். மனைவி போன் செய்தபோது உள்ளே இருந்தான்.

"எங்கலே இருக்க?"

"துர்க்கைகிட்ட இருக்கேன்க்கா. கும்பிட்டாத்தான் வெளிய விடுவாங்க போல."

அலிப்பூர் பக்கம் ஆஸ்பத்திரிக் கடை ஒன்றில் கிடைத்தது. சாயங்காலம் வந்து சேர்ந்தான். செருப்பு ஒன்றுதான் காலில் இருந்தது. ஒரு கையில் மூன்று அட்டை மாத்திரை. இன்னொரு கையில் முட்டை ரோல், தனக்கு மட்டும். நீங்க வெறும் வயித்துல இருக்கணுமே அத்தான் என்றான்.

அடுத்த மாதம் போனோம். பழைய அறை, அதே டாக்டரம்மா. கிருமி எண்ணிக்கைக்கு நேரே இல்லை என்று இருந்தது. ஒன்றரை வருஷம் முடிந்து மாத்திரையை நிறுத்திய பிறகும் ரத்தம் பார்க்க வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். சரி என்றேன். மைத்துனன் இந்த முறை நாற்காலியை எனக்கு விட்டு நின்றுகொண்டிருந்தான்.

"ஈரல் எண் எவ்வளவு?" என்று கேட்டதும் அவன்தான்.

டாக்டரம்மா தாளை அவன் பக்கம் திருப்பினார். அவன் கண்ணாடி போடாமல் தூரத்தில் பிடித்துப் படித்தான்.

இருபத்தாறு.