புஸ்பராணி எழுதிய மின்னஞ்சல்

சல்லிக் கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த புஸ்பராணி கட்டாருக்குப் போனது நாற்பதாவது வயதில். ஹோட்டல் விரிப்புகளும் துவாய்களும் வந்து குவியும் பெரிய சலவைக் கம்பனி ஒன்றில் வேலை. மாதம் ஆயிரத்து இருநூறு ரியால். முதல் ஒன்றரை வருசம் சம்பளம் ஒழுங்காக வங்கியில் விழுந்தது. பிறகு 2019 ஜூலை மாதச் சம்பளம் வரவில்லை. ஓகஸ்டும் வரவில்லை. கேட்டால் சூப்பவைசர், "நாளைக்கு, நாளைக்கு" என்பான்.

ஊரில் புருசன் பாக்கியரத்தினம் வள்ளத்து எஞ்சினைத் திருத்தக் காசில்லாமல் இருந்தான். அடகு வைத்த சங்கிலிக்கு வங்கியிலிருந்து ஏலக் கடிதம் வந்துவிட்டது. அவன் போனில் சொன்னதெல்லாம், "சண்டை பிடிச்சிடாத. அனுப்பி விட்டாங்களெண்டால் என்ன செய்யிறது?"

செப்டெம்பர்ச் சம்பளமும் தவறிய பிறகு அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் கூடிவிட்டது. ஒக்ரோபர் பதினோராம் திகதி, வெள்ளிக்கிழமை லீவு. கம்பனி வான் சாரதி முனாப், அவளுடைய ஊர்ப்பக்கத்துக் கிண்ணியாப் பிள்ளை, கன்டீனில் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். அவனுடைய போனில் அவளுடைய பேருக்கு ஒரு மின்னஞ்சல் கணக்குத் திறந்தார்கள். கம்பனியின் கணக்கு அலுவலகத்துக்கு அவள் சொல்லச் சொல்ல அவன் ஆங்கிலத்தில் அடித்தான்.

முதலில் அவள் ஊரிலிருக்கும் தன் பிள்ளையின் படிப்பு, எஞ்சின், சங்கிலி எல்லாம் சொன்னாள். சொல்லிப் பார்க்கையில் அவளுக்கே வெட்கமாயிற்று. "அதெல்லாத்தையும் அழிச்சிடு தம்பி. அவங்களிட்ட நான் பிச்சை கேக்கேல்லை. திகதியையும் காசையும் மட்டும் போடு."

"செப்டெம்பர் பத்தொன்பதாம் திகதி கையில தந்த அறுநூறை விட்டிடுவமா அக்கா? அது பாங்குக் கணக்கில இல்லையே."

"ஏலாது. வவுச்சரில கையெழுத்து வச்சனான். அந்தத் துண்டு அவங்களிட்ட இருக்கு. அதை மறைச்சால் மிச்சத்தையும் பொய்யெண்டு சொல்லுவாங்கள்."

கடைசியில் எழுதி முடித்தது இவ்வளவுதான்:

"என் ஒப்பந்தப்படி மாதச் சம்பளம் 1,200 ரியால். ஜூலை மாதச் சம்பளம் ஓகஸ்ட் 7க்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஓகஸ்ட் மாதத்துக்குரியது செப்டெம்பர் 7க்குள், வரவில்லை. செப்டெம்பர் மாதத்துக்குரியது ஒக்ரோபர் 7க்குள், வரவில்லை. மொத்தம் 3,600. செப்டெம்பர் 19 அன்று முற்பணமாக 600 பெற்றேன். மீதி 3,000. ஒக்ரோபர் 20க்குள் வங்கிக் கணக்கில் இட வேண்டுகிறேன். ஒப்பந்தமும் வங்கி விபரமும் இணைத்துள்ளேன்."

மூன்றாம் நாள் கணக்கு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஆயிரம் ரியாலும் ஒரு கடதாசியும். கணக்கு மனேஜர், "கையெழுத்துப் போடு" என்றான். அரபியில் இருந்ததை அவளால் வாசிக்க முடியவில்லை. கீழே இருந்த ஆங்கிலத்தில், செப்டெம்பர் வரைக்கும் எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று இருந்ததை மட்டும் எழுத்துக் கூட்டி அறிந்தாள். ஆயிரம் ரியாலைப் பார்த்த கண் எடுபடவில்லை. சங்கிலியை மீட்க அது போதும்.

"ஆயிரமெண்டு எழுதித் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்" என்றாள் அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

மனேஜர் காசை அள்ளி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டான். அடுத்த நாளே அவளை நீராவி இஸ்திரிப் பகுதிக்கு மாற்றினார்கள். இரண்டு கையிலும் கொப்புளம்.

இருபதாம் திகதி கடந்தும் காசு வரவில்லை. முனாப் கூட வர, தொழில் அமைச்சின் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தாள். ஒரு கிழமைக்குள் சமரசத்துக்கு அழைத்தார்கள். கம்பனியின் ஆள் வந்து, "முற்பணம் வாங்கினதை இவ சொல்லவேயில்லை" என்று தொடங்கினான். அதிகாரி அவள் அனுப்பிய மின்னஞ்சலை எடுத்து, திகதியையும் அறுநூறையும் விரலால் தொட்டுக் காட்டினார். கம்பனி ஆள் மூவாயிரத்தையும் வங்கியில் போடுவதாக ஒத்துக்கொண்டான்.

நவம்பர் ஐந்தாம் திகதி மூவாயிரமும் வந்தது. ஆனால் சங்கிலி ஒக்ரோபர் இருபத்தெட்டில் ஏலம் போய்விட்டது. பாக்கியரத்தினம் அதைச் சொல்லப் பயந்து இரண்டு நாள் போனே எடுக்கவில்லை. சொன்னபோது அவள் அழவில்லை. "எஞ்சினைத் திருத்துங்கோ" என்று மட்டும் சொன்னாள். டிசம்பரில் முடிகிற ஒப்பந்தம் இனிப் புதுப்பிக்கப்படாது என்று கம்பனியில் கடிதமும் கொடுத்துவிட்டார்கள்.

அவள் சூட்கேசை அடுக்கிக்கொண்டிருந்த அன்று, அதே அறையில் இருந்த நேபாளப் பெண்கள் மூவர் தங்கள் ஒப்பந்தங்களோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கும் ஓகஸ்டிலிருந்து சம்பளமில்லை. புஸ்பராணி சூட்கேசை ஒருபக்கம் தள்ளிவிட்டுக் கட்டிலில் இடம் விட்டாள்.

"கையில ஏதாவது வாங்கினியளோ? வாங்கினால் முதல் அதைச் சொல்லுங்கோ" என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து கேட்டாள்.