ஓரம்வரை வளர்ந்த கிருமி

இன்றைக்கும் அந்தத் தட்டு என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

போர் முடிந்து மக்கள் முகாம்களிலிருந்து திரும்பிக் காடு மண்டிய வயல்களைத் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. நான் மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் கிருமிகளை இனங்காணும் வேலையில் இருந்தேன். மாரி மழையில், வயல் செய்யும் ஒரு கமக்காரரைக் கடும் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவும், இருந்தது. அவருடைய மனைவி எங்கள் வாசலில் கிடந்த மரவாங்கிலேயே குந்தியிருந்தார்.

அவருடைய இரத்தத்திலிருந்து வளர்ப்புத் தட்டில் கிருமி வளர்ந்தது. ஒரு கொலனியை, கிருமிகள் கூடி வளர்ந்த பொட்டை, ஊசியால் தொட்டுப் பரிசோதனைக் காகிதத்தில் பூசினேன். ஊதா நிறம் வந்தது. சர்க்கரைக் குழாயில் ஏற்றினேன். மறுநாளும் நிறம் மாறவில்லை. சர்க்கரையைப் புளிக்கவைக்காத இனம். "சூடோமோனாஸ் வகை" என்று எழுதினேன். அந்தப் பெயர் எங்களுக்கு ஒரு குப்பைக்கூடை. எதில் சேர்ப்பதென்று தெரியாததையெல்லாம் அதில்தான் போடுவோம்.

ஒன்று மட்டும் உறுத்தியது. தட்டில் வைத்த ஜெண்டாமைசின் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வெறுமையாக ஒரு வட்டம் விழவேண்டும். விழவில்லை. கிருமி வில்லையின் ஓரம்வரை வளர்ந்திருந்தது. அந்தக் கிழமை கரண்ட் போய் ஜெனரேட்டரும் படுத்து, குளிர்சாதனப்பெட்டி இரண்டு நாள் சும்மா கிடந்தது. வில்லை பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டினேன். வில்லைகளைச் சரிபார்க்க வைத்திருந்த கிருமியும் அதே பெட்டிக்குள் செத்துப்போயிருந்தது. "வில்லை பழுது" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, அந்த மருந்தின் முடிவை அறிக்கையில் வெறுமையாக விட்டேன். வார்ட்டில் ஜெண்டாமைசினையே தொடர்ந்தார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் அவர் இறந்துபோனார்.

விடுமுறை முடிந்து வந்தபோது, கழிவு வாளியில் போட மறந்த அவருடைய தட்டைக் கண்டேன். வழுவழுப்பாக இருந்த கொலனிகள் காய்ந்து சுருங்கிக் கிடந்தன, கிழவியின் முகம் மாதிரி. இரண்டு நாளில் தட்டை எறிவது எங்கள் பழக்கம். அதனால் அப்படியொன்றை நான் கண்டதேயில்லை. பயந்துபோய் அவித்து எறிந்தேன். என்ன பயம் என்று அப்போது தெரியவில்லை.

ஐந்தாறு வருடங்களுக்குப் பிறகு, இன்னொரு மாரியில், அதே வயலில் வேலைசெய்த அவருடைய மகன் அதே காய்ச்சலோடு வந்தான். அவனுக்கும் சீனி. வாங்கில் அதே பெண், இப்போது தாயாக. அதே ஊதா, அதே மாறாத குழாய். ஜெண்டாமைசினுக்கும் கோலிஸ்டின் என்ற இன்னொரு மருந்துக்கும் புது வில்லைகள் வைத்தேன். சரிபார்க்கும் கிருமியில் வட்டம் ஒழுங்காக விழுந்தது. இவனுடைய கிருமி இரண்டிலும் ஓரம்வரை வளர்ந்தது.

பொறுக்கமுடியாமல், அனுமதி வாங்கி, மூடிக் கட்டிய கிருமிக் குப்பியோடு நானே கொழும்புக்குப் போனேன். அங்கே ஒரு ஆய்வுகூடத்தில் நிறைமாலைமானி, புரதங்களை நிறுத்துக் கிருமியை இனங்காணும் மெஷின், வந்திருந்தது. கிருமியை முதலில் மதுசாரத்தில் கொன்று, அமிலத்தால் புரதங்களைப் பிரித்து, உருக்குத் தகட்டில் ஒரு துளி வைத்தார்கள். மேலே ஒரு திரவம் விட்டுக் காயவைத்தார்கள். லேசர் பட்டதும் புரதங்கள் மின்னேற்றத்தோடு வெற்றிடக் குழாய்க்குள் பறக்கின்றன. பாரம் குறைந்தது முந்தும், கூடியது பிந்தும். அந்த நேரங்களை வைத்துக் கோட்டுருவம் வரைந்து, தன்னிடமுள்ள உருவங்களோடு மெஷின் ஒப்பிடும். எனக்கு ஒரு நாள் பிடித்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

திரையில் வந்த பெயரோ மண்ணில் வாழும் ஒரு சாதுக் கிருமியுடையது. எனக்கு உயிர் வந்தது.

அங்கிருந்த டொக்டரம்மா தலையாட்டவில்லை. "இதின்ர பட்டியலில இல்லாத கிருமியை இது சொல்லாது. கிட்டின சொந்தக்காரனைத்தான் காட்டும். உங்கட ஜெண்டாமைசின் என்ன சொன்னது?"

"ஓரம்வரை வளர்ந்தது, டொக்டர். கோலிஸ்டினும் அப்பிடித்தான்."

"ரெண்டுக்கும் சாகாதது சீனிக்காரன்ர இரத்தத்தில வளர்ந்தா, அது சாது இல்லை. மெலியோய்டோசிஸ், வயல் சேத்திலயிருந்து வாற கொல்லிக் காய்ச்சல். உறுதிப்படுத்த வேற பரிசோதனைக்குக் குடுப்பம். நாள்போனா கொலனி காய்ஞ்சு சுருங்கியும் காட்டும், அதுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்."

உடனே எங்கள் வார்ட்டுக்குத் தொலைபேசியில் மருந்தை மாற்றச் சொன்னார். மெரோபெனம். மெஷின் குடும்பத்தைச் சொன்னது. ஆளைச் சொன்னது என் தட்டு. பெருமைப்பட்டிருக்கலாம். தகப்பனுடைய தட்டு முன்னமே ஒருமுறை இதையே சொன்னதை நினைத்து வெட்கப்பட்டேன்.

நான் திரும்பி வந்த பிறகு உறுதி முடிவும் வந்தது. மகன் மெல்ல மெல்லத் தேறினான். அவனை வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டின அன்று தாய் ஆய்வுகூட வாசலுக்கு வந்தார்.

"மிஸ், இவன்ர தேப்பனுக்கும் இதுதானோ?"

"ஓம் அம்மா. அவற்ற தட்டை நான் எறிஞ்சிட்டன், நிரூபிக்கேலாது. ஆனா இதுதான்."

"நான் பிந்திக் கொண்டந்ததாலதான் செத்தவர் எண்டு இவ்வளவு காலமும்..."

பழைய பதிவேட்டை எடுத்து அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். வில்லை பழுது. என் கையெழுத்து.

"நீங்கள் நேரத்துக்குத்தான் கொண்டந்தனீங்கள்," என்றேன். "நான்தான் பிந்தினனான்."